வாயிலில் ஓர் அன்னை

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தின் வருகை வாயிலில், கம்பித் தடுப்பைப் பற்றியவாறு அன்னை ஒருத்தி நின்றாள். துபாயில் கட்டட வேலை செய்யும் மகன் ஆறாண்டுகளுக்குப் பின் வருகிறான். விடுப்புக் கிடையாமையால், தந்தை இறந்தபோதும் அவன் வர இயலவில்லை. விமானம் இறங்கிய செய்தி பலகையில் தோன்றி ஒரு மணி நேரம் கடந்தது. அவள் உள்ளம் கலங்கியது.

"அஞ்ச வேண்டா, அம்மா! கடவுச்சீட்டைக் காட்டி, பெட்டிகளைப் பெற்று, சுங்கச் சோதனையையும் கடந்தே வெளிவருவர்" என்றார் அருகில் நின்ற பெரியவர்.

பயணிகள் வரலாயினர். தான் வழியனுப்பிய மெலிந்த இளைஞனையே அவள் கண்கள் தேடின. நரை தோன்றிய ஒருவன் அவள்முன் வந்து நின்றான். திலகமற்ற அவளது நெற்றியைக் கண்டதும் அவன் தலை தாழ்ந்தது.

"அம்மா!"

அக்குரலைக் கேட்ட பின்னரே அவள் மகனை அறிந்தாள்.

"சாப்பிட்டாயா, கண்ணு?" என்று அவன் கன்னத்தை வருடினாள்.