2.4 என்றால் இரண்டு புள்ளி நான்கு அல்ல

பூந்தமல்லியில் ஏறிய பேருந்து இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி என்னைப் பென்னலூரில் இறக்கிவிட்டபோது காலை பத்து மணி. முதல் ஷிப்டுக்கு ஆட்களைக் கொண்டுவிட்ட கம்பெனி பஸ்கள் சாலையோரம் ஓய்ந்து நின்றன. பெங்களூர் நெடுஞ்சாலையின் லாரி இரைச்சல் இரண்டு தெரு உள்ளே போன பிறகும் கேட்டது. நான் தேடிப் போனது ஒரு வாடகை வீட்டின் முன்னறையை. அங்கே பட்டு நூல் வளையல் செய்து வாட்ஸ்அப்பில் விற்கும் ஒருவரும், அவரிடம் தினம் மூன்று மணி நேரம் வேலை பார்க்கும் ஒருவரும் இருந்தார்கள். இருவருமே பெயர் வேண்டாம் என்றார்கள். அதனால் முதலாளியை அக்கா என்றும், உதவிக்கு வந்தவரைத் தங்கை என்றும் குறிப்பிடுகிறேன். அவர்களும் ஒருவரையொருவர் ஏறக்குறைய அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள்.

வளையலை அக்காவேதான் சுற்றுகிறார். பிளாஸ்டிக் வளையத்தின் மேல் நூலைச் சுற்றி, பசை தடவி, குந்தன் கல் ஒட்டும் வேலை அது. அதை யாரிடமும் கொடுப்பதில்லை. ஆர்டர் நாளுக்கு 15-ஐத் தாண்டியபோது அவர் கையைக் கட்டிப்போட்டவை பேக்கிங்கும் பதில் சொல்வதும்தான். “பசை காயறதுக்குள்ள நாலு பேர் ‘ஹாய் அக்கா, ரேட் என்ன’ன்னு கேட்டுடறாங்க. போனை எடுத்தா கை பிசுபிசுங்குது. எடுக்கலைன்னா வேற கடைக்குப் போயிடறாங்க.”

முதலில் பக்கத்துத் தெருக் கல்லூரி மாணவி ஒருத்தியை வைத்தார். பார்சலுக்கு ஏழு ரூபாய் கூலி, மெசேஜுக்குப் பதில் சொல்வது அதோடு சேர்த்தி. அந்தக் கணக்கில்தான் வினை இருந்தது. பார்சலுக்குக் காசு, பேச்சுக்குக் காசில்லை என்றால் கை எங்கே ஓடும்? ஒரு மாதத்தில் அளவு மாறிப்போன வளையல்கள் வரிசையாகத் திரும்பி வந்தன. ஒரு செட் திரும்பினால் போக, வர, மறுபடி போக என்று மூன்று கூரியர் செலவு. அந்தப் பெண்மீது அக்காவுக்குக் கோபமில்லை. “நான்தான் வேகத்துக்குக் காசு கொடுத்தேன். அவ வேகத்தைக் கொடுத்தா” என்றார்.

இரண்டாவது ஆளை எடுக்கும்போது கூலியை மாற்றினார். காலை பத்தரை முதல் ஒன்றரை வரை, மாதம் 26 நாள், 5000 ரூபாய். பார்சல் கூடினாலும் குறைந்தாலும் அதே சம்பளம். கல்யாண மாதங்களில் கூடுதல் நேரத்துக்குத் தனிக் கணக்கு. நேரத்தைத் தங்கையே சொன்னார். கணவர் ஷிப்டுக்குப் போன பிறகு, குழந்தை பள்ளியிலிருந்து வருவதற்கு முன்பு.

தங்கை கல்யாணத்துக்கு முன்பு இந்த வட்டாரத்தில் ஒரு கைப்பேசி ஆலையில் வேலை பார்த்தவர். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து அப்படிப்பட்ட வேலைக்குப் போன பெண்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. 2014 நவம்பரில் அந்த ஆலை நின்றது. வேறு ஆலைகள் தொடர்கின்றன. லைனில் நின்று பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் ஒட்டிக்கொள்ளும். சரிபார்க்காத பீஸை அடுத்தவர் கைக்குத் தள்ளமாட்டார்கள். அக்கா அதை எதிர்பார்த்து எடுக்கவில்லை. ஆள் எடுப்பதற்கு வைத்த சின்னப் பரீட்சையில் அது தானாக வெளியே வந்தது.

ஐந்து முகவரிகளை எழுதச் சொன்னாராம். அதில் ஒன்று வேண்டுமென்றே தப்பு: ஊர் சேலம், பின்கோடு 606-ல் தொடங்கியது. தங்கை நான்கை எழுதிவிட்டு ஐந்தாவதில் பேனாவை வைத்துவிட்டார். “அக்கா, எங்க சித்தி வீடு சேலம். அவங்களுக்கு 636-ன்னுதான் எழுதுவோம்.” வேலை அந்த இடத்திலேயே உறுதியாகிவிட்டது. தெரிந்ததைவிட நிறுத்தியது பெரிது என்கிறார் அக்கா.

பேக்கிங்கைக் கற்றுக்கொள்ள மூன்று நாள் போதுமாம். முதல் நாள் அக்கா கட்ட, தங்கை பார்த்தார். இரண்டாம் நாள் தங்கை கட்ட, அக்கா பார்த்தார். மூன்றாம் நாள் தங்கை கட்டியதை அக்கா பிரித்தார். நான் பார்த்தபோது வரிசை பிசகவில்லை. ஆர்டர் சீட்டை மேசையில் வைத்து, அதன்மேல் வளையலை வைத்து, நிறம், அளவு, எண்ணிக்கை மூன்றையும் வாய்விட்டுப் படிக்கிறார். சீட்டும் வளையலும் சேர்ந்து தெரிகிற மாதிரி சில நொடி வீடியோ எடுக்கிறார். ‘ஒண்ணு குறையுது’ என்று யாராவது சொன்னால் பார்ப்பதற்கு. பிறகு வளையல்களை அட்டை உருளையில் கோத்து, பட்டர் பேப்பர் சுற்றி, பபிள் ராப் இரண்டு சுற்று. பெட்டியில் வைத்த பிறகு மூலைகளில் செய்தித்தாளைக் கசக்கித் திணிக்கிறார். மூடியதும் காதருகே வைத்து ஆட்டுகிறார். சத்தம் வந்தால் திறக்க வேண்டும். கல் பெயர்வது கீழே விழுவதால் மட்டுமல்ல. உள்ளே உருண்டு உருண்டு ஒன்றோடொன்று உரசுவதாலும்தான். கடைசியாக முகவரிமீது ஒளி ஊடுருவும் டேப். மழையில் மை கரைந்தால் பார்சல் வழியிலேயே தங்கிவிடும்.

பெட்டியின் அளவு தனிப் பாடம். முன்பு அக்கா ஒரே அளவுப் பெட்டி மொத்தமாக வாங்கி வைத்திருந்தார்: நீளம் 20, அகலம் 15, உயரம் 10 சென்டிமீட்டர். உள்ளே இருக்கும் சரக்கு 300 கிராம்கூட வராது. ஆனால் பல கூரியர்களில் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதையும் ஒரு எடையாகக் கொள்கிறார்கள். எது அதிகமோ அதற்குத்தான் காசு. 3000-ஐ 5000-ஆல் வகுத்தால் 0.6 கிலோ. அரை கிலோ படியைத் தாண்டி அடுத்த படிக்குப் போய்விடுகிறது. வெறும் காற்றுக்குக் கட்டணம்! இப்போது ஒரு செட்டுக்கு 18, 12, 8 அளவுப் பெட்டி. கணக்குப்படி 350 கிராமுக்கும் கீழே. இந்தக் கணக்கைத் தங்கையிடம் சொல்லாமல் ‘சின்னப் பெட்டி எடு’ என்று மட்டும் சொல்லியிருந்தால், சின்னப் பெட்டி தீர்ந்த அன்று பெரியதை எடுத்திருப்பார். இப்போது நான்கு பெட்டி மிச்சம் இருக்கும்போதே சொல்லிவிடுகிறார்.

பதில் சொல்லக் கற்றுக்கொடுப்பதற்கு மூன்று நாள் போதவில்லை. ஒன்றரை மாதம் ஆனது. போனை ஒப்படைப்பதிலேயே சிக்கல். வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு அக்காவின் போனில் இருக்கிறது. வீட்டிலிருந்த பழைய போன் ஒன்றை அதன் Linked devices வழியாக இணைத்து, அதைத்தான் தங்கைக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் போன் வீட்டை விட்டுப் போகாது. புடவைக்கு ஏற்ற நிறம் கேட்பவர்கள் தாங்கள் கட்டியிருக்கும் படத்தையே அனுப்புகிறார்கள். அந்தப் படங்களும் எண்களும் தங்கையின் சொந்தப் போனுக்குள் போகக் கூடாது. அது வாடிக்கையாளருக்கும் பாதுகாப்பு, தங்கைக்கும் பாதுகாப்பு. ‘நீங்க யாரு, பேசலாமா’ என்று வருபவர்களும் உண்டு. அதற்குப் பதிலே கிடையாது. அக்காவிடம் காட்ட வேண்டும், அவர் தடைசெய்துவிடுவார்.

பணம் வந்ததா என்பதைத் தங்கை முடிவு செய்வதில்லை. ஸ்கிரீன்ஷாட் வந்தால் Pending payment என்ற லேபிளோடு நிற்கும். கணக்கில் பணம் ஏறியதைத் தன் போனில் பார்த்த பிறகு அக்கா அதை Paid என்று மாற்றுவார். Paid ஆகாத சீட்டு மேசைக்கே வராது. போலி ஸ்கிரீன்ஷாட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தர அவர் முயலவில்லை. கண்டுபிடிக்கிற பாரத்தையே தங்கையின் தலையிலிருந்து எடுத்துவிட்டார்.

மிச்சமிருந்தது பேச்சு. தங்கை தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னார். “ஞாயித்துக்கிழமை வளைகாப்பு, வந்துடுமா?” என்று வியாழன் மாலை ஒருவர் கேட்க, “கண்டிப்பா வந்துடும் அக்கா” என்று போட்டுவிட்டார். ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் பார்சல் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு இருவரும் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: ‘நாளைக்கு அனுப்பிடுவோம்’ என்று சொல்லலாம், ‘நாளைக்கு வந்துடும்’ என்று சொல்லக் கூடாது. அனுப்புவது நம் கையில், வருவது கூரியர்காரர் கையில். விசேஷத் தேதி யாராவது சொன்னால் தங்கை பதில் எழுதாமல் அக்காவைக் கூப்பிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினம் அளவு. வளையல் அளவை 2.4, 2.6, 2.8 என்று எழுதுகிறோம். பார்த்தால் தசமம் மாதிரி இருக்கிறது, ஆனால் இல்லை. புள்ளிக்குப் பின்னால் இருப்பது அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குகள். 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கும். அதாவது இரண்டே கால். உள்விட்டம் 57 மில்லிமீட்டர். 2.6-க்கு 60, 2.8-க்கு 63-லிருந்து 64. அதற்கு மேல் வருவது 2.10. தசமமாகப் படித்தால் அது 2.4-ஐவிடச் சின்னது, வளையல் கடையில் 2.8-ஐவிடப் பெரியது.

நான் உட்கார்ந்திருந்தபோதே ஒன்று வந்தது. கோவையிலிருந்து ஒருவர் 2.4-ல் இரண்டு செட் கேட்டார். முன்பிருந்த மாணவியாக இருந்தால் சீட்டு எழுதியிருப்பாள். தங்கை /size என்று தட்டினார். அக்கா எழுதிவைத்த பதில் விரிந்தது: ‘உங்களுக்குச் சரியா இருக்கிற வளையல் ஒண்ணை ஸ்கேல் மேல வெச்சு, உள்பக்கம் ஒரு ஓரத்துலேர்ந்து எதிர் ஓரம் வரைக்கும் எத்தனை மில்லிமீட்டர்னு பார்த்து, போட்டோ அனுப்புங்க.’ பத்து நிமிடத்தில் படம் வந்தது. ஸ்கேலில் 61. தங்கை மறுபடி கேட்டார், “2.4-ன்னு எப்படிக்கா பார்த்தீங்க?” பதில்: “6.1 சென்டிமீட்டர் இருந்துச்சு, 2.54-ஆல வகுத்தேன். கரெக்டா 2.4 வந்துச்சு.”

கணக்கு சரிதான். ஆனால் வளையல் 2.6. அவர் கேட்டபடி அனுப்பியிருந்தால் கணு எலும்பைத் தாண்டியிருக்காது. நூல் சுற்றினால் உள்விட்டம் கொஞ்சம் குறையும் என்பதால், 2.6 வளையல் ஒன்றைச் சுற்றி முடித்த பிறகு அதையும் ஸ்கேலில் வைத்துப் படமெடுத்து அனுப்பினார்கள். ஒரு மெசேஜுக்கு இருபது நிமிடம். பார்சல் கணக்கில் கூலி கொடுத்திருந்தால் இந்த இருபது நிமிடத்துக்குச் சம்பளமே கிடையாது.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. மெசேஜ்கள் அதிகம் வருவது இரவு எட்டுக்கு மேல்; தங்கை இருப்பது பகலில். ‘காலை பத்தரைக்குப் பதில் சொல்கிறோம்’ என்று தானாகப் போகும் செய்தி வைத்திருக்கிறார்கள். அதற்குள் சிலர் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். இரவிலும் பார்க்கச் சொல்லலாமே என்றேன். “மூணு மணி நேரத்துக்குத்தான் சம்பளம். ராத்திரி அவளோடது” என்றார் அக்கா.

ஒரு மணிக்குப் போன் ஓரமாகக் கவிழ்த்து வைக்கப்பட்டது. கடைசி அரைமணி பேக்கிங் மட்டும்தான். இரண்டையும் சேர்த்துச் செய்த நாட்களில்தான் ஒருவர் பெட்டியில் இன்னொருவர் வளையல் போனதாம். கூரியர் பையன் வாசலில் வண்டியை நிறுத்தியபோது இரண்டு பார்சல் பாக்கி. அக்கா பசைக் கையைத் துடைத்துவிட்டு ஒன்றை அவரே கட்டி, டேப் போட்டு, குவியலில் வைத்தார். தங்கை அதை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் கத்தரிக்கோலை எடுத்து டேப்பை வெட்டினார். மூலையில் காகிதம் வைக்க மறந்திருந்தது. வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. “ரெண்டு நிமிஷம் நில்லு தம்பி” என்று அக்கா குரல் கொடுத்தார்.