ஒன்பதாவது கார்டு சொன்ன கணக்கு



போன மாசம் அன்னதான வேலை முடிஞ்ச பிறகு, நம்ம தொண்டூழியத் தம்பிமார் ஏழு பேரோட தெம்பனிஸ் புளோக் கீழே உட்கார்ந்து 'மேஜிக்: தி கேதரிங்' ஆடினேன். 1993இல் வந்த கார்டு ஆட்டம். வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சைன்னு 5 நிறம். "பாக்கெட் வாங்கக் காசு வேணாம் அண்ணே, நீங்களே ஒரு கட்டு தயார் பண்ணுங்க"ன்னு பசங்க கேட்டதால் இறங்கினேன்.

கணக்கு எளிது. ஒருத்தருக்கு 15 கார்டு வீதம் 3 பாக்கெட். எட்டுப் பேருக்கு 360 கார்டு. பாக்கெட்டில் ஒன்றை எடுத்துட்டு மீதியைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளணும். நான் நிறத்துக்கு 50 கார்டு சமமா வச்சேன். மீதி 110, இரு நிறக் கார்டும் நிறமில்லாததும்.

சமமா வச்சும் தப்பாச்சு. எட்டில் ஐந்து பேர் சிவப்பு! முதல் மூணு இடமும் அவங்களுக்கே.

கார்டுகளைப் பரப்பிப் பார்த்ததும் காரணம் புரிஞ்சது. எண்ணிக்கை சமம், வேகம் சமமில்லை. சிவப்பில் ஒன்று, இரண்டு மானா செலவில் இறங்கும் படைவீரர்கள் 24. நீலத்தில் வெறும் 10. நீலம் தயாராகறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடுது. அதோட, சிவப்புக் கார்டுகள் பலதுக்கு ஒரே ஒரு சிவப்பு மானா போதும். அதனால் வேற நிறம் ஆடுறவங்களும் துணைக்கு அள்ளிட்டாங்க.

மூணு மாற்றம் செஞ்சேன். சிவப்பில் மலிவான எட்டு வீரர்களை எடுத்துட்டு, இரண்டு சிவப்பு மானா கேட்கிற கார்டுகளை வச்சேன். சிவப்பையே முக்கியமா ஆடுறவருக்குத்தான் அது உதவும். நீலத்திலும் பச்சையிலும் ஆரம்பத்திலேயே தடுத்து நிற்கிற கார்டுகளைக் கூட்டினேன். யார் கண்ணிலும் பட்டதும் எடுக்கிற ஓரிரு அசுரக் கார்டுகளையும் நீக்கினேன். யோசிக்காம எடுக்கிற கார்டு இருந்தா அந்தத் தேர்வில் சுவாரசியம் இல்லை.

சரியாச்சான்னு எப்படித் தெரியும்? எட்டுப் பேர் என்பதால் நீங்க முதலில் பார்த்த பாக்கெட், ஒன்பதாவது முறை 7 கார்டோட உங்ககிட்டயே திரும்பி வரும். திரும்பி வர்றது யாருக்கும் வேண்டாதது. 24 பாக்கெட்டிலும் அப்படி மொத்தம் 168 கார்டு. எல்லா நிறமும் சமமா விரும்பப்பட்டா நிறத்துக்கு ஏறக்குறைய 23 திரும்பணும். முதல் வாரம் சிவப்பு 6, நீலம் 38. மாற்றின பிறகு சிவப்பு 19, நீலம் 25.

ஒரு எச்சரிக்கை: நடுவில் ஒரு வாரம் சிவப்பை அதிகமா வெட்டிட்டேன். வேகமா தாக்க ஆளில்லாம எல்லாரும் பெரிய கார்டுக்குக் காத்திருந்து, ஒரு ஆட்டம் ஒரு மணி நேரம் இழுத்துச்சு. கொஞ்சம் திருப்பி வச்ச பிறகுதான் மேலே சொன்ன கணக்கு வந்தது. ஒரே ஒரு நாள் கணக்கை நம்பி மாத்தாதீங்க, மூணு ஆட்டமாவது பாருங்க.

அடுத்த ஞாயிறு ஒரு நாற்காலி காலி. வர்றவங்க கீழே சொல்லுங்க.