வாய் திறக்காத கணவர்

தனிக்குடித்தனம் வேண்டும் என்று கணவருக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லித்தான் அந்தப் பெண் என்னிடம் வந்தார். சேலத்துக்காரர், பெங்களூரில் ஐ.டி. வேலை. கணவர் குடும்பம் அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. மாமியார் அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. விருந்தாளிகள் எதிரிலும் சொல்வார். கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த நோட்டீஸை அனுப்ப நான் மறுத்தேன். காரணம் பெங்களூர்க் குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கு: நரேந்திரா எதிர் கே. மீனா. பெற்றோரை விட்டுத் தனியாக வரும்படி மனைவி வற்புறுத்துகிறார் என்பது கணவரின் புகார்களில் ஒன்று. குடும்பநல நீதிமன்றம் 2001இல் விவாகரத்து கொடுத்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் 2006இல் அதை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில் மறுபடி கொடுத்துவிட்டது. தகுந்த வலுவான காரணம் இல்லாமல் மகனைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க வற்புறுத்துவது கொடுமை என்றது தீர்ப்பு. அதில் பெண்ணின் தரப்புக்குக் கிடைத்த இடம் போதாது என்பது என் கருத்து. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான். காரணத்தை நிறுவாமல் தனிவீடு கேட்டு எழுதினால், அந்தத் தாளையே எதிர்த்தரப்பு நம் மீது திருப்பும்.

ஆகவே முதலில் ஒரு நோட்டு போடச் சொன்னேன். “எப்பவும் திட்டுறாங்க” என்பதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் எதுவும் செய்ய முடியாது. தேதி, சொன்ன வார்த்தை அப்படியே, யார் யார் இருந்தார்கள், அப்போது கணவர் என்ன செய்தார் என்ற நான்கும் வேண்டும். மாமியாரிடம் சண்டைக்குப் போகாமல், “அத்தை, இப்படிப் பேசுறது எனக்கு வலிக்குது, வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். அன்று இரவே கணவருக்கு வாட்ஸ்அப்பில் நடந்ததை எழுதி, “அடுத்த முறை நீங்க பேசணும்” என்று கேட்க வேண்டும். அவர் பேசினால் நல்லது. பேசாவிட்டால், தெரிந்தே சும்மா இருந்தார் என்பதற்கு அவர் போனிலேயே சாட்சி இருக்கும்.

அடுத்த முறை நோட்டோடு வந்தபோதுதான், “டெஸ்ட் ரிப்போர்ட்ல குறை அவருக்குத்தான் மேடம். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்” என்றார். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி படித்தேன். தன் குறைக்காக மனைவி வசவு வாங்குவதை அந்த மனிதர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 3ஆவது பிரிவு, குழந்தை இல்லை என்று இழிவாகப் பேசுவதை வார்த்தை மற்றும் மனரீதியான வன்முறை என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதே பிரிவு செய்ததோடு செய்யத் தவறியதையும் சேர்த்துக்கொள்கிறது. வெறும் மௌனத்தை மட்டும் வைத்து ஒருவர் மீது வழக்கு நிற்பது கடினம். உண்மை தெரிந்தும், கேட்டுக்கொண்ட பிறகும் காத்த மௌனத்தை அப்படித் தள்ளிவிட முடியாது என்பது என் வாதம். மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்டு மனு போட்டோம். மாமியாரும் எதிர்மனுதாரர். பெண்களையும் அப்படிச் சேர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் தெளிவாக்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து ஏதாவது சொல்லிவிட்டுப் போகும் நாத்தனாரைச் சேர்க்கவில்லை. சொந்தக்காரர் எல்லாரையும் இழுத்தால் உண்மையான புகாரின் கனம் குறைந்துவிடும்.

ரிப்போர்ட்டை மனுவில் எழுதவில்லை. எழுதினால் நகல் மாமியார் கைக்குப் போகும், சத்தியமும் போகும். அவசியமானால் 16ஆவது பிரிவின்படி மூடிய அறையில் விசாரணை கேட்கலாம் என்று வைத்திருந்தேன்.

அது தேவைப்படவில்லை. சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டிடத்தில் இருக்கும் சமரச மையத்துக்கு வழக்கு போனது. அங்கே சமரசர் ஒவ்வொரு தரப்பையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுவார். சொன்னது வெளியே போகாது. கணவர் முதல்முறையாக அங்கேதான் பேசினார். அம்மாவுக்குத் தெரிந்தால் தன்னை எப்படிப் பார்ப்பார் என்ற பயம்தான் அவர் வாயை அடைத்திருந்தது. அம்மாவிடம் ரிப்போர்ட்டைச் சொல்லத் தேவையில்லை, இரண்டே வாக்கியம் போதும் என்று சமரசர் புரியவைத்தார். கூட்டு அமர்வில் கணவர் தாயைப் பார்த்துச் சொன்னார்: “குழந்தை விஷயம் நானும் டாக்டரும் பார்த்துக்கிறோம்மா. இனி அவகிட்ட அதைப் பேசக்கூடாது.” மாமியார் அழுதார். அதற்கு மேல் அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை.

தனிவீடு எடுக்கலாம் என்ற யோசனையையும் கணவர்தான் வைத்தார். ஒப்பந்தம் எழுதும்போது நான் பிடிவாதமாக நின்ற வரி அது ஒன்றுதான்: வீடு மாறுவது கணவரின் சொந்த முடிவு, மனைவியின் வற்புறுத்தல் அல்ல. அதற்குக் கீழே, அம்மாவுக்கு மாதாமாதம் அவர் கொடுக்க வேண்டிய தொகையையும் சேர்க்கச் சொன்னேன். பெற்றோரைக் கைவிடச் சொன்னாள் என்று பின்னாளில் யாரும் அந்தப் பெண் மீது வழக்குப் போட இடமிருக்கக் கூடாது. மூவரும் கையெழுத்துப் போட்டார்கள், மனுவைத் திரும்பப் பெற்றோம்.