அன்னாரின் பெரிய எழுத்து

வெள்ளிமலைப் பக்கத்துத் தம்பி ஒருவன் போலந்தில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்தவர் இறந்துபோக, அந்தக் குடும்பத்துக்கு அட்டையில் எழுதித் தர ஒரு வரி கேட்டான். "அன்னாரின் ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன். இதை அப்படியே போலிஷ்ல போட்டுக் குடுங்கண்ணே."

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் தினமும் பார்க்கிற வரிதான். எழவு வீட்டில் யாரும் இதை வாயால் சொல்வதில்லை. "மனசத் தேத்திக்கங்க" என்பதோடு சரி. இது எழுத்துக்கென்றே உள்ள தமிழ்.

முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். அன்னார் ஆணா, பெண்ணா? தமிழுக்கு அது தேவையில்லை, 'ஆர்' மரியாதையை மட்டும் சொல்லும். போலிஷில் 'அவருடைய' என்று எழுதவே ஆணுக்கு 'யெகோ', பெண்ணுக்கு 'யெய்'. கேட்டேன். "அம்மா மாதிரிண்ணே, எனக்கு சூப் கொண்டுவந்து தருவாங்க." ஆக, யெய்.

அடுத்தது சாந்தி. 'போகுய் யெய் துஷி', அவர் ஆன்மாவுக்கு அமைதி. போலந்துக்காரர்களே எழுதும் தொடர் இது. அகராதியைப் பார்த்துவிட்டுத் தம்பி பதறினான்: "போகுய்னா ரூம்னு போட்டிருக்குண்ணே!" அறைக்கும் அமைதிக்கும் அங்கே ஒரே சொல்தான். பயந்துகொண்டு 'ஸ்போகுய்' என்று மாற்றினால், சந்தடியில்லாத நிம்மதி என்ற அர்த்தம் முன்னுக்கு வந்துவிடும். கத்தோலிக்கர்கள் இறந்தவருக்கு வேண்டுவது 'ஒத்போச்சினெக்', ஓய்வு. நம்மூர்க் கத்தோலிக்கர் சொல்லும் 'நித்திய இளைப்பாற்றி'யின் இளைப்பாற்றிதான் அது. ஆனால் தம்பி கத்தோலிக்கன் இல்லை. அவர்களுடைய செபத்தை அவன் கையெழுத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

'வேண்டுகிறேன்' என்பதில்தான் நெடுநேரம் போனது. தமிழில் அது மரபு வாக்கியம். வேண்டினாயா என்று யாரும் கேட்பதில்லை. போலிஷில் 'மொத்லே ஷே' என்று எழுதினால், நிஜமாகவே செபம் செய்கிறேன் என்றுதான் குடும்பம் படிக்கும். மதப்பற்று இல்லாத வீடாக இருந்தால் 'வோஞ்சே ஷே வ் புலு', அதாவது உங்கள் வலியில் சேர்ந்துகொள்கிறேன், என்று முடித்திருப்பேன். இவர்கள் கோயிலில் பூசை வைத்து அடக்கம் செய்தவர்கள். தம்பியிடம் நேராகவே கேட்டேன், சாமி கும்பிட்டாயா என்று. "ரூம்ல கற்பூரம் இல்லண்ணே. மெழுகுவத்தி ஏத்துனேன்."

அப்படியானால் பொய்யில்லை. 'மொத்லே ஷே ஸா யெய் துஷெ', அவர் ஆன்மாவுக்காக வேண்டுகிறேன்; அதன் கீழே 'போகுய் யெய் துஷி'. 'எல்லாம் வல்ல' என்பதை விட்டுவிட்டேன். போலிஷில் அதற்குச் சொல் உண்டு, ஆனால் சின்ன அட்டையில் அது பிரசங்கம் போலாகிவிடும்.

எழுதி முடித்துப் படம் அனுப்பினான். 'யெய்'யின் முதல் எழுத்து இரண்டு வரியிலும் சின்னதாக இருந்தது. அதைப் பெரிய எழுத்தாக்கி, வேறு அட்டையில் எழுதச் சொன்னேன்.

"வரி நடுவுலதானண்ணே வருது, எதுக்குப் பெரிய எழுத்து?"

"அதுதாம்ப்பா நீ எழுதின 'அன்னார்'."