பத்தின் அடுக்கு போன இடம்

பாகூர்ல அக்கா வீட்டு மாடியில டியூஷன் எடுக்கறாங்க. கேள்வித்தாள் டைப் அடிக்கிற வேலை மட்டும் வில்லியனூர்ல இருக்கற என் தலையில. ஓசி வேலைதான், ஆனா வேர்டு தெரிஞ்ச தம்பின்னு ஒரு கெத்து இருந்துச்சு. போன மாசம் அதுவும் போச்சு.

வேதியியல் தேர்வு முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி போன். "டேய், 12 கிராம் கார்பன்ல எத்தனை அணு இருக்குன்னு கேட்டதுக்கு ஒரு பொண்ணு 6160.506னு எழுதியிருக்கா. அரை அணு எங்கேர்ந்துடா வரும்? பூஜ்யம் போட்டுட்டேன்."

எனக்கு உடனே வயித்தைக் கலக்குச்சு. தாளை எடுத்துப் பார்த்தா, அவகாட்ரோ எண் 6.022 × 1023 என எடுத்துக்கொள்கன்னு நானே அடிச்சிருக்கேன். பெருக்கிப் பாருங்க, சரியா 6160.506 வரும். அந்தப் பொண்ணு கொடுத்த எண்ணை நம்பி ஒழுங்கா பெருக்கியிருக்கு. தப்பு என்னுது.

நடந்தது இதுதான். அக்காகிட்ட இருந்த பழைய தாள்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில இருந்தது. அதை ஒரு மாற்றியில ஒட்டி யுனிகோடுக்கு மாத்தினேன். பாமினியில தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தோட இடத்துலதான் உட்கார்ந்திருக்கும். மாற்றிக்கு எது தமிழ், எது வாய்ப்பாடுன்னு தெரியாது. H2O எல்லாம் "ர்2ழு" ஆயிடுச்சு :-) அதைப் பார்த்து சிரிச்சுக்கிட்டே ஒவ்வொண்ணா திருத்தினேன். காணாம போன பெருக்கல் குறியைக்கூட போட்டேன். ஆனா எண்கள் மாறவே இல்லையா, 1023 பார்க்க ஒழுங்கான எண் மாதிரி இருந்துச்சு, கண்ணு தாண்டிப் போயிடுச்சு.

வேர்டுல Ctrl+Shift+= அடிச்சு 23ஐ மேலே ஏத்தினா, அந்த 23 எழுத்தா மாறல. அதே 23தான், மேல ஒரு சட்டை போட்டிருக்கு. Ctrl+= அடிச்சு கீழே இறக்கறதும் அப்படியே. மாற்றியோட பெட்டி, நோட்பேட் எல்லாம் வெறும் எழுத்தைத்தான் வாங்கும், சட்டை வாசல்லயே கழண்டுடும். வேர்டுக்குள்ளயே Ctrl+Space தெரியாம தட்டினாலும் இதே கதி.

இன்னொரு வழி, எழுத்தாவே போடறது. யுனிகோடுல கீழ்க்குறி எண்கள் 2080லேர்ந்து 2089 வரை வரிசையா இருக்கு. H-க்குப் பக்கத்துல 2082 அடிச்சு Alt+X தட்டினா H₂. நோட்பேடுக்குப் போனாலும் விழாது. குளுக்கோஸ் C₆H₁₂O₆ அடிக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. C-யும் பதினாறடிமான எண்ணுல ஒரு இலக்கம்ங்கறதால, C2086 மொத்தத்தையும் ஒரே குறியீடா வேர்டு எடுத்துக்கும். 2086ஐ மட்டும் செலக்ட் பண்ணி Alt+X தட்டணும். மேற்குறியில ² (00B2), ³ (00B3) ரெண்டும் வரிசையை விட்டுத் தள்ளி இருக்கு. 10²³க்கும் அதே செலக்ட் வித்தைதான், இல்லன்னா முன்னாடி இருக்கற 10ஐயும் சேர்த்து விழுங்கிடும்.

பின்னத்துக்கு இதெல்லாம் ஆகாது. Alt+= தட்டி, வர்ற பெட்டியில இப்படி அடிச்சு ஸ்பேஸ் தட்டுங்க:

```
x=(-b±√(b^2-4ac))/(2a)
```

அழகா ரெண்டு மாடியா எழும்பும். மேல் பாதி வெட்டுப்பட்டுத் தெரிஞ்சா வரி இடைவெளி Exactlyனு இருக்கும், அதை Singleக்கு மாத்தினா சரியாகும். தமிழ்ச் சொல்லை மட்டும் அந்தப் பெட்டிக்கு வெளியிலயே வச்சுக்கிறேன்.

அலகுல எனக்கு ஒரு பழைய கடுப்பு. 9.8 ms⁻² னு ஒட்டி அடிப்பாங்க. ms-ன்னா மில்லிசெகண்ட். m s⁻² னு நடுவுல இடம் வேணும், அதுவும் Ctrl+Shift+Space போட்டாத்தான் வரிக் கடைசியில 9.8 ஒரு பக்கமும் அலகு ஒரு பக்கமுமா பிரியாது.

இப்ப அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி Ctrl+H திறந்து, Use wildcards டிக் பண்ணி, `10[0-9]` தேடறேன். பத்துக்குப் பின்னாடி எண் வர்ற எல்லா இடமும் மாட்டும். 108, 1000 மாதிரி நல்ல எண்களும் சேர்ந்து வரும், ஒவ்வொண்ணா கண்ணால பார்க்கணும். அப்புறம் டிக்கை எடுத்துட்டு `10-` தனியா ஒரு தடவை. எலக்ட்ரான் மின்சுமையில இருக்கற 10⁻¹⁹ வெறும் 10-19 ஆகி நிக்கறது அதுலதான் சிக்கும்.

அக்கா மறுநாள் அந்தப் பொண்ணுக்கு முழு மார்க் போட்டாங்க. 6.022 × 10²³ சரியா எழுதின மத்த பசங்க, தாள்ல இருக்கறதைப் பார்க்காம மனப்பாடத்துலேர்ந்து எழுதியிருக்காங்க. அவங்களுக்கும் முழு மார்க்தான். பழைய பாமினி கோப்பு இன்னும் நாப்பதுக்கு மேல மாத்த வேண்டியது கிடக்கு.