திரும்பி வந்த கயிற்றுச் சுருள்கள்

செவ்வாய், இரவு

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ‘வணிகக் கல்வியும் கணக்கீடும்’ பாடத்தில் நாளேடுகளைத் தொடங்கினேன். புத்தகத்துக் கணக்கை விட்டுவிட்டு, திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வலையும் கயிறும் விற்கும் ஒரு கடையை வைத்துக் கேட்டேன். மூதூர் வியாபாரி ஒருவருக்கு 20 சுருள் நைலோன் கயிறு கடனுக்குப் போகிறது. சுருள் 5,000 ரூபா, வியாபாரக் கழிவு 10%. மொத்தம் 100,000, கழிவு 10,000. விற்பனை நாளேட்டின் கடைசி நிரலில் 90,000.

“அந்தப் பத்தாயிரத்தை எந்தக் கணக்கில போடுறது மிஸ்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. எந்தக் கணக்கிலும் இல்லை. வியாபாரம் நடந்ததே 90,000 ரூபாவுக்குத்தான். கழிவு விலைப்பட்டியலோடு முடிந்துவிடுகிறது. விரைவாகப் பணம் கட்டியதற்குக் கொடுக்கும் காசுக் கழிவு அப்படியல்ல. கடன் உண்டான பிறகு அதைக் குறைப்பதால் அதற்குப் பேரேட்டில் கணக்கு வேண்டும்.

புதன்

இழை பிரிந்த 3 சுருள் திரும்பி வந்ததாகச் சொன்னேன். பலர் உட்திரும்பல் நாளேட்டில் 15,000 என்று எழுதினார்கள். இருபது சுருளும் திரும்பி வந்தால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். 100,000 என்றால், 90,000 கடன்பட்ட மனிதருக்குக் கடைக்காரர் 10,000 கொடுக்கவேண்டி வருகிறதே! அப்போதுதான் பிடிபட்டது. போன விலையில்தான் பொருள் திரும்ப வேண்டும்: சுருள் 4,500, மூன்றுக்கு 13,500, வியாபாரியின் மீதி 76,500.

பரீட்சைமீதி இந்தப் பிழையைக் காட்டாது என்பதுதான் எனக்குக் கவலை. உட்திரும்பல் கணக்கில் வரவு 15,000, வியாபாரி கணக்கில் செலவு 15,000. இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிழைத்திருக்கும். திரும்பிய தொகையை எண்ணிக்கையால் பிரித்து, விற்ற விலைப்பட்டியலோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

வெள்ளி

இன்று பேரேட்டுக்கு மாற்றினோம். கிண்ணியா வியாபாரி ஒருவருக்கு 40,000 ரூபா விற்பனையையும் சேர்த்தேன். ஆளுக்குரிய தொகை அவரவர் கணக்கில் தனித்தனியே வரவு. விற்பனைக் கணக்கிலோ மாத முடிவில் நாளேட்டின் மொத்தம், 130,000, ஒரே தடவை செலவு. சிலர் விற்பனைக் கணக்கில் தனித்தனியாகவும் எழுதி, மொத்தத்தையும் எழுதிவிட்டார்கள். பரீட்சைமீதியில் செலவுப் பக்கம் சரியாக 130,000 கூடி நின்றது. வித்தியாசம் நாளேட்டின் மொத்தத்தோடு ஒத்துப்போனால் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான்.

ஒரு பையனுக்கு 27,000 வித்தியாசம். அதைப் பாதியாக்கச் சொன்னேன். 13,500 என்றதும் மூதூர்க்காரரின் கணக்கைத் திறந்தான். திரும்பலைச் செலவில் வைக்காமல் வரவில் வைத்திருந்தான்.