பட்டன் பெட்டிக்கு எத்தனை கோர்?

கொஞ்சம் நீளமான பதிவு. எலக்ட்ரிகல் வேலையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

ஐடிஐயில் என்னிடம் படித்த தம்பி ஒருவன், இப்போது திருவொற்றியூரில் ஒரு பேனல் பட்டறையில் இருக்கிறான், போன் செய்தான். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மெஷினுக்கு ஸ்டார்ட்டர் பேனல் செய்கிறார்களாம். பேனல் அறைக்குள்ளே இருக்கும், ஸ்டார்ட், ஸ்டாப் பட்டன் பெட்டி வெளியே மெஷின் பக்கத்தில். "சார், பட்டன் பெட்டிக்கு எத்தனை கோர் கேபிள் போடணும்? ஒருத்தர் மூணுங்கிறார், ஒருத்தர் நாலுங்கிறார்" என்றான். "டிராயிங் போட்டியாப்பா?" என்று கேட்டேன். "சின்ன பேனல்தானே சார்" என்றான்.

சின்ன பேனல்தான். ஆனால் அவன் கேட்ட கேள்விக்குப் பதில் டிராயிங்கில்தான் இருக்கிறது. வாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

முதலில் சிம்பல். கரண்ட் இல்லை, யாரும் எதையும் அழுத்தவில்லை என்ற நிலையில்தான் எல்லா கான்டாக்டையும் வரைய வேண்டும். அதனால் ஸ்டாப் பட்டன் மூடியபடி, ஸ்டார்ட் பட்டன் திறந்தபடி இருக்கும். ஓவர்லோட் ரிலேயின் 95-96 மூடியபடி, கான்டாக்டரின் 13-14 திறந்தபடி.

அடுத்தது வயர் நம்பர். விதி ஒன்றுதான். ஒரு பட்டனையோ கான்டாக்டையோ காயிலையோ தாண்டும்போது மட்டும் நம்பர் மாறும். தாண்டாமல் எத்தனை இடத்தில் சேர்ந்தாலும் அதே நம்பர்தான்.

ஃப்யூஸிலிருந்து வருவது 1. ஓவர்லோட் ரிலேயின் 95-96ஐத் தாண்டினால் 2. ஸ்டாப் பட்டனைத் தாண்டினால் 3. ஸ்டார்ட் பட்டனைத் தாண்டினால் 4. அது கான்டாக்டர் காயிலின் ஏ1க்குப் போகிறது. காயிலின் ஏ2 நியூட்ரலுக்கு. ஸ்டார்ட்டை விட்ட பிறகும் மெஷின் ஓட வேண்டுமல்லவா? அதற்காக கான்டாக்டரின் 13-14ஐ ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக, அதாவது 3க்கும் 4க்கும் நடுவில் போடுகிறோம்.

இப்போது பேனலைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். பட்டன் பெட்டி கோட்டுக்கு வெளியே. கோட்டைத் தாண்டும் நம்பர்களை மட்டும் எண்ணுங்கள். அதுதான் டெர்மினல் லிஸ்ட்:

டெர்மினல் 1: வயர் 2. உள்ளே ஓவர்லோட் 96, வெளியே ஸ்டாப்பின் நுழைவு.
டெர்மினல் 2: வயர் 3. உள்ளே கான்டாக்டர் 13, வெளியே ஸ்டாப்பும் ஸ்டார்ட்டும் சேரும் இடம்.
டெர்மினல் 3: வயர் 4. உள்ளே கான்டாக்டர் 14, காயில் ஏ1. வெளியே ஸ்டார்ட்டின் மறுபக்கம்.

மூன்று கோர் போதும். ஓடுவதைக் காட்டும் விளக்கும் அந்தப் பெட்டியில் வேண்டுமென்றால், 4 ஏற்கெனவே அங்கே இருக்கிறது, நியூட்ரல் மட்டும் கூடுதலாகப் போக வேண்டும். அப்போது நான்கு. பெட்டி இரும்பு என்றால் எர்த் தனி. ஆக, இரண்டு பேர் சொன்னதும் சரிதான். விளக்கு உண்டா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த நம்பரை ஃபெரூலாக வயரின் இரண்டு முனையிலும் மாட்டச் சொல்வேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனை. பேனல் டெர்மினலில் 2ஐயும் 3ஐயும் மாற்றிப் போட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் அழுத்தினால் மெஷின் ஓடும். விட்டாலும் ஓடும். ஸ்டாப் அழுத்தினால் நிற்கும். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டு வந்துவிடுவோம்.

ஆனால் டிராயிங்கில் விரலை வைத்து நடந்து பாருங்கள். சப்ளை இப்போது ஸ்டாப்புக்கும் ஸ்டார்ட்டுக்கும் நடுவில் வந்து சேருகிறது. ஸ்டார்ட் வழியாக காயிலுக்குப் போகும் பாதையில் ஸ்டாப் இல்லவே இல்லை. ஸ்டாப் வெட்டுவது 13-14இன் பாதையை மட்டும்தான். உப்புக் காற்றும் மீன் தண்ணீரும் படுகிற இடத்தில், ஒருநாள் ஸ்டார்ட் பட்டன் அழுந்தியபடியே சிக்கிக்கொள்ளும். அன்றைக்கு ஐஸ் கட்டியோடு ஒருவர் கை உள்ளே போனால், பக்கத்தில் இருப்பவர் ஸ்டாப்பை எவ்வளவு அழுத்தினாலும் மெஷின் நிற்காது. சரியாக இணைத்திருந்தால் ஸ்டார்ட் சிக்கியிருந்தாலும் ஸ்டாப் அழுத்தினால் நிற்கும். கையை எடுக்கும்வரை ஓடாது.

கண்டுபிடிப்பது சுலபம். மோட்டார் வயர்களைக் கழற்றிவிட்டு கன்ட்ரோல் சப்ளை மட்டும் கொடுங்கள். ஸ்டார்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்டாப்பை அழுத்துங்கள். கான்டாக்டர் "டக்" என்று விட வேண்டும். விடவில்லையென்றால் 2ஐயும் 3ஐயும் போய்ப் பாருங்கள்.

அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். டிராயிங்கை ஒரு ஏ4 தாளில் போட்டு, டெர்மினல் லிஸ்டோடு பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடச் சொன்னேன். நாளைக்கு ராத்திரி ரிப்பேருக்கு வருகிறவனுக்கு அந்தத் தாள் மட்டும்தான் துணை.